விளம்பர வரியில் 🔥 போட்டால் க்ளிக் கூடுமா?

சென்னையில் ஏசி சர்வீஸ் செய்யும் சிறு கடைக்காரர்கள் கூகுள் தேடல் விளம்பரத்துக்கு எழுதித் தரும் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

`🔥 AC SERVICE @ ₹499!!!`

இந்த ஒரு வரியிலேயே பல மீறல்கள் இருக்கின்றன. கூகுள் தேடல் விளம்பரத்தில் எமோஜிக்கு இடமே இல்லை. தலைப்பில் ஒரு ஆச்சரியக்குறிகூடக் கூடாது, இங்கே மூன்று வரிசையாக நிற்கின்றன. விளக்க வரியில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். `SERVICE` என்று முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தியிருப்பதும் தவறு. `AC` மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் அது எல்லோரும் அறிந்த சுருக்கம். `EMI`, `GST` போன்றவையும் அப்படியே. கூப்பன் குறியீட்டுக்கும் பிராண்டுப் பெயருக்கும் விலக்கு உண்டு. ஆனால் `FREE`, `OFFER`, `SALE` எல்லாம் சாதாரணச் சொற்கள்தான். நடுவில் நிற்கும் `@` குறியையும் எடுத்துவிடுங்கள், அது கண்ணை இழுப்பதைத் தவிர அங்கே வேறு வேலை செய்யவில்லை.

சிலர் `F.R.E.E` என்று புள்ளி வைப்பார்கள், `fr33` என்று எண்ணைச் செருகுவார்கள். கூகுளின் விதியில் இந்த வித்தைகளுக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. விளம்பரம் நிராகரிக்கப்பட்டால் அதன் ஸ்டேட்டஸ் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள், காரணம் தெரியும். திருத்திச் சேமித்தால் மறுபடி பரிசீலனைக்குப் போகும். பெரும்பாலும் ஒரு வேலை நாளில் முடிந்துவிடும். இந்த வகை மீறலுக்காகக் கணக்கை உடனே முடக்க மாட்டார்கள், முன்னெச்சரிக்கை வரும். ஆனால் சீசன் நேரத்தில் ஒரு நாள் விளம்பரம் நின்றாலே கடைக்கு நஷ்டம்தான்.

தமிழில் எழுதினால் பெரிய எழுத்துத் தொல்லை இல்லை, நமக்கு அந்த வசதியே கிடையாது. வேறொரு சிக்கல் வரும். தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90 எழுத்து என்பது கணக்கு. ஆனால் புள்ளி, கொம்பு, சுழி எல்லாவற்றையும் இயந்திரம் தனித்தனியாக எண்ணும். 'இன்றே வீட்டுக்கு வந்து சரி செய்வோம்' என்பது நம் கண்ணுக்கு இடைவெளியோடு சேர்த்து 21, இயந்திரத்துக்கோ 35. தலைப்பில் ஏறாது. 'ஏசி சர்வீஸ் ₹499 முதல்' என்பது 22 தான். ரூபாய்க் குறிக்கு எந்தத் தடையும் இல்லை. என்னைக் கேட்டால், நெருப்பு எமோஜி செய்ய நினைக்கிற வேலையை அந்த விலையே செய்துவிடும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கதை வேறு. அங்கே எமோஜி போடலாம். "எமோஜி போட்டதும் க்ளிக் ஏறிவிட்டது, பாருங்கள்" என்று ஸ்க்ரீன்ஷாட் வருவதும் அங்கிருந்துதான். முதலில் அது எந்த க்ளிக் என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் `CTR (all)` என்ற க்ளிக் விகிதப் பத்தியில் லைக், கமென்ட், பக்கத்தின் பெயரைத் தட்டுவது எல்லாம் சேர்ந்துவிடும். கடையின் இணைப்புக்குப் போனவர்கள் `CTR (link click-through rate)` பத்தியில்தான் இருப்பார்கள். கலகலப்பான எமோஜி வரி லைக்கை வாரிக் கொடுத்துவிட்டு இணைப்பு க்ளிக்கை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்தது, வித்தியாசம் நிஜமா தற்செயலா என்பது. எமோஜி உள்ளதும் இல்லாததும் தலா 2,000 முறை காட்டப்பட்டு 92, 80 க்ளிக் வந்ததாக வைத்துக்கொள்வோம். 4.6 சதவீதம், 4 சதவீதம். பார்த்தால் எமோஜி ஜெயித்தது போலத் தெரியும். இரண்டும் சம அளவில் காட்டப்பட்டிருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது: மொத்த க்ளிக்கின் வர்க்கமூலத்தை இரட்டியுங்கள், வித்தியாசம் அதைத் தாண்ட வேண்டும். 172 க்கு வர்க்கமூலம் சுமார் 13, இரட்டித்தால் 26. நம் வித்தியாசம் வெறும் 12. அதாவது இது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அதே சதவீதம் தலா 20,000 முறையில் வந்தால் 920 க்கு எதிராக 800. 1,720 இன் வர்க்கமூலத்தை இரட்டித்தால் 83, வித்தியாசமோ 120. இப்போது நம்பலாம். சிறு கடையின் பட்ஜெட்டுக்கு இந்த எண்ணிக்கை சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை படம், விலை, ஆடியன்ஸ் எதையும் மாற்றக் கூடாது, இரண்டும் ஒரே நாட்களில் ஓட வேண்டும். பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. முதல் வாரமே தோற்றதாக நினைத்து ஒன்றை நிறுத்திவிடுவார்கள்.

சரி, 120 க்ளிக் நிஜமாகவே கூடிவிட்டது என்றே இருக்கட்டும். ஒரு க்ளிக்குக்கு ₹12 என்றால் கூடுதல் செலவு ₹1,440. இரண்டு பக்கமும் 40 புக்கிங்தான் வந்தது என்றால், எமோஜி இல்லாத விளம்பரத்தில் ஒரு புக்கிங்குக்கு ₹240 ஆகிறது, எமோஜி உள்ளதில் ₹276. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கான காசும் கடைக்காரர் தலையில்தான். அதனால் ரிப்போர்ட் கேட்கும்போது க்ளிக் விகிதத்தோடு நிறுத்தாமல், ஒரு புக்கிங்குக்கு எவ்வளவு செலவாயிற்று என்ற பத்தியையும் சேர்த்துக் கேளுங்கள்.