அகல உயர விகிதம்: பதினாறுக்கு ஒன்பதா, பத்தா?

அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்வதற்கு முன் மடிக்கணினி வாங்க சிம் லிம் ஸ்குவேருக்குப் போயிருந்தோம். அருகருகே இரண்டு கணினிகள், இரண்டின் அட்டையிலும் 14 அங்குலம் என்றிருந்தது. “மாமா, இது அகலமா இருக்கு. இதுதானே பெரிசு?” என்றான்.

அவன் தொட்டது திரையின் அகலத்தை உயரத்தோடு ஒப்பிடும் ஆஸ்பெக்ட் ரேஷியோவை. இங்கே சிங்கப்பூரில் கணிதம் ஆங்கிலத்தில் என்பதால் ரேஷியோ அவனுக்குத் தெரியும், விகிதம் என்றால்தான் விழிப்பான். ஆஸ்பெக்ட் லத்தீனில் ‘ஒன்றை நோக்குதல்’ என்ற பொருளில் பிறந்து, பிறகு பார்வைக்குத் தெரியும் தோற்றத்தையும் குறித்தது. ரேஷியோவும் லத்தீன்தான், கணக்கு என்று பொருள். இதை அப்படியே பெயர்த்துத் தோற்ற விகிதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. திரை பார்க்க அழகா இல்லையா என்று சொல்வதுபோல் இருக்கிறது. அறிவியல் தமிழில் ரேஷியோவுக்குத் தகவு என்ற சொல்லும் உண்டு. தகுதிக்கு உறவான நல்ல சொல்தான், ஆனால் கடையில் நின்று சொன்னால் யாருக்கும் விளங்காது. அகல உயர விகிதம் என்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம், எது முதலில் வருகிறது என்பதெல்லாம் பெயரிலேயே இருக்கிறது. வாசிக்கும்போது ‘பதினாறுக்குப் பத்து’, ‘பதினாறுக்கு ஒன்பது’ என்று நான்காம் வேற்றுமை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடையில் பார்த்த இரண்டில் அகலமானது 16:9, மற்றது 16:10. சுருக்கினால் 16:10 என்பது 8:5தான். 16:9 பக்கத்தில் வைத்து ஒப்பிட வசதியாகத்தான் அப்படிச் சொல்கிறோம். 16:9 தொலைக்காட்சிக்காக வந்தது. பழைய 4:3 படமும் அகலத்திரைச் சினிமாவும் ஒரே சட்டத்துக்குள் அதிகம் வீணாகாமல் அடங்க வேண்டுமென்று 1980களில் முன்வைக்கப்பட்ட நடுவழி அது. படிக்கிறவரையோ நிரல் எழுதுகிறவரையோ நினைத்துச் செய்த அளவு அல்ல.

சரி, எது பெரிது? அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 14 அங்குலத்தில் 16:9 திரை சுமார் 31 செ.மீ. அகலம், 17.4 செ.மீ. உயரம். 16:10 திரை 30.2 செ.மீ. அகலம், 18.8 செ.மீ. உயரம். அகலத்தில் ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை, உயரத்தில் 1.4 செ.மீ. கூடுகிறது. பரப்பும் 5 விழுக்காடு அதிகம். பையன் கைகாட்டிய அகலமான திரைதான் சிறியது.

1.4 செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். படப்புள்ளிக் கணக்கில் 16:9 திரை 1920 × 1080, மற்றது 1920 × 1200. இரண்டிலும் எழுத்தை 125 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் உயரத்துப் படப்புள்ளிகளை 1.25ஆல் வகுத்து முறையே 864 அலகும் 960 அலகும் கிடைக்கும். விண்டோஸின் அடிப்பட்டை, நிரல் எழுதும் செயலியின் தலைப்பு, கோப்புத் தாவல்கள், நிலைப்பட்டை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 160 அலகைச் சாப்பிடும். திரை எதுவானாலும் அந்தச் சாப்பாடு மாறாது. ஒரு வரிக்கு 19 அலகு என்றால் மிச்சத்தில் ஒன்றில் 37 வரி, மற்றதில் 42 வரி. கீழே 250 அலகு உயரத்துக்கு, கட்டளைகளைத் தட்டும் முனையத்தையும் திறந்தால் 23, 28. அதே ஐந்து வரிதான், ஆனால் 23க்கு மேல் ஐந்து என்பது ஐந்தில் ஒரு பங்கு. பட்டைகள் கூடக்கூட உயரத்தின் அருமை கூடும். அப்புறம் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் உறைக்கும்: மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியுமாக நம் எழுத்து வரிக்கு வரி அதிக இடம் கேட்கும்.

ஆவணத்திலும் அப்படித்தான். ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. முழுத்திரையில் ஒரு பக்கத்தை முழுதாகக் காட்டினால் 16:9 திரையில் அது 59 விழுக்காடாகச் சுருங்கும், மற்றதில் 63. 11 புள்ளி எழுத்து முதலாவதில் ஆறரைப் புள்ளியாகவும் இரண்டாவதில் ஏழு புள்ளியாகவும் தெரியும். இரண்டுமே கண்ணுக்குச் சிரமம்தான், ஒன்று கொஞ்சம் குறைவான சிரமம். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தாலும் நிலைமை அதேதான். உயரம்தான் தடுக்கிறது, 16:9 திரையில் இருபுறமும் சேர்த்து 6 செ.மீ.க்கு மேல் சும்மா கிடக்கும்.

படம் பார்க்கிறவருக்கு 16:10 திரையில் மேலும் கீழும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை வரும். அவ்வளவுதான் நஷ்டம்.

பையன் 16:10 வாங்கினான். முதல் வாரமே தொலைபேசியில் அழைத்தான். வீவக வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் தன் திரையின் நகலைக் காட்டினானாம். தொலைக்காட்சியில் எல்லாம் சரி, கணினியில் மட்டும் முகங்கள் நீண்டு தெரிந்தன. “ஒரு வட்டம் வரைஞ்சு அளவுகோல் வெச்சுப் பாரு” என்றேன். அகலம் 9 செ.மீ., உயரம் 10 செ.மீ. தொலைக்காட்சிக்காக 1080க்கு இறங்கிய படத்தைக் கணினி 1200 வரை இழுத்துவிட்டிருக்கிறது. நகலுக்குப் பதில் தொலைக்காட்சியைத் தனி இரண்டாம் திரையாகச் சேர்க்கும் முறைக்கு மாற்றச் சொன்னேன். வட்டம் வட்டமாகிவிட்டதாம்.