நிகழ்வே பேசும்: 'ரெஸ் இப்சா லாக்விட்டர்' என்னும் சட்டத்தொடர்

பிறருடைய கவனக்குறைவால் காயமுற்ற ஒருவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தால், எதிர்வாதி எதைச் செய்யத் தவறினார் என்பதை வாதியே மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மயக்க மருந்தின் பிடியில் அறுவை மேசையில் கிடந்தவருக்கோ, தெருவில் நடக்கும்போது மேலிருந்து ஏதோ விழுந்து நினைவிழந்தவருக்கோ உள்ளே என்ன தவறு நடந்தது என்று எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் எல்லாரும் எதிர்த்தரப்பின் ஆட்கள். இந்த நிலையில் இருப்பவருக்காக நீதிமன்றங்கள் வகுத்த வழிக்குத்தான் 'ரெஸ் இப்சா லாக்விட்டர்' என்று பெயர்.

இத்தொடர் லத்தீன். 'ரெஸ்' என்ற சொல் பொருள், காரியம், நடந்த செய்தி எனப் பலவற்றைக் குறிக்கும். 'இப்சா' என்பது 'தானே' எனும் அழுத்தச் சொல். 'லாக்விட்டர்' என்றால் 'பேசுகிறது'. சட்ட நெறியாவதற்கு மிக முன்பே இது மேடைப் பேச்சில் இருந்தது. கி.மு. 52இல் மைலோ என்பவர் மீதான கொலை வழக்கு தொடர்பாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய வாதவுரையில், சொற்கள் சற்று இடம் மாறி, இதே தொடர் வருகிறது. அங்கே அது கேட்போரை வசப்படுத்தும் சொல்நயம் மட்டுமே. சான்று பற்றிய விதியாக அது உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்.

லிவர்பூலில் ஸ்காட்லாந்து ரோடு என்னும் தெருவில் மாவு வணிகர் ஒருவரின் கடையைக் கடந்து நடந்துகொண்டிருந்தார் ஒருவர். கடையின் மேல்மாடிச் சன்னலிலிருந்து மாவு நிரம்பிய பீப்பாய் ஒன்று அவர்மேல் விழுந்தது. அடிபட்டவருக்கு எதுவும் நினைவில்லை. விழுந்ததைக் கண்ட சாட்சிகள் இருந்தார்கள். ஆனால் பீப்பாய் ஏன் விழுந்தது, அதைக் கயிற்றில் கட்டி இறக்கினார்களா, யார் கையிலிருந்து நழுவியது என்பவற்றை அவர்களால் சொல்ல முடியவில்லை. கவனக்குறைவுக்குச் சான்று இல்லை என்று கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. 1863இல் மேல் நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, அடிபட்டவருக்கு 50 பவுண்டு இழப்பீடு கிடைக்கச் செய்தது. வாதம் நடக்கும்போதே இந்த லத்தீன் தொடரை எடுத்துச் சொன்னவர் தலைமை நீதிபதி பொல்லாக். கிடங்கிலிருந்து ஒரு பீப்பாய் யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் உருண்டு விழாது. அப்படியிருக்க, அதனால் அடிபட்டவர் அந்தக் கிடங்கின் ஆட்களையே சாட்சிக்கு அழைத்துத் தவற்றை நிறுவ வேண்டும் என்பது அறிவுக்குப் பொருந்தாது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். சான்று முழுவதும் ஒருவர் கையிலும் காயம் மட்டும் மற்றவர் உடலிலும் இருக்கும்போது அந்த ஏற்றத்தாழ்வைச் சட்டம் காணாததுபோல் இருக்கக்கூடாது என்பதை, நான் படித்தவரையில், இவ்வளவு எளிதாகச் சொன்ன தீர்ப்புகள் மிகச் சில.

இரண்டே ஆண்டுகளில், 1865இல், இதற்கு ஒரு வரையறை கிடைத்தது. லண்டன் துறைமுகக் கிடங்கு ஒன்றில் சர்க்கரை மூட்டைகள் சுங்க அலுவலர் ஒருவர்மேல் விழுந்த வழக்கு அது. காயம் விளைவித்த பொருள் எதிர்வாதியின் அல்லது அவருடைய பணியாளர்களின் ஆளுகையில் இருந்திருக்க வேண்டும். உரிய கவனம் எடுத்திருந்தால் வழக்கமாக நடக்காத வகையைச் சேர்ந்ததாக அந்த நிகழ்வு இருக்க வேண்டும். இவ்விரண்டையும் வாதி காட்டிவிட்டால், எதிர்வாதியிடமிருந்து விளக்கம் வராத நிலையில், கவனக்குறைவு இருந்தது என்று கொள்வதற்கு அதுவே போதிய சான்று என்றது நீதிமன்றம்.

'ஆளுகை' என்ற சொல்லில்தான் பல வழக்குகள் தடுக்கி விழுந்திருக்கின்றன. எடின்பரோவிலிருந்து லண்டனுக்குச் சென்ற விரைவு ரயிலின் கதவு வழியாக நான்கு வயதுக் குழந்தை வெளியே விழுந்த வழக்கு 1944இல் தீர்ப்பாயிற்று. ரயில் கடைசியாக நின்ற இடத்தைக் கடந்து ஏறத்தாழ ஏழு மைல் வந்திருந்தது. அதற்குள் எந்தப் பயணியும் அந்தக் கதவைத் திறந்திருக்கலாம். எனவே கதவு தொடர்ந்து ரயில் நிறுவனத்தின் ஆளுகையில் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது, ஆகவே இந்நெறி பொருந்தாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பீப்பாய் இருந்த மாடிக்கு வழிப்போக்கர் எவரும் ஏறிப் போயிருக்க முடியாது. ரயில் கதவின் பிடியோ எல்லார் கைக்கும் எட்டக்கூடியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், தம் வழக்கு எந்தப் பக்கம் சேரும் என்பதைக் காயமுற்றவர் ஓரளவு தாமே கணித்துவிடலாம்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. இந்நெறி பொருந்தினாலே வழக்கு வென்றதாகப் பலர் நினைக்கிறார்கள். ஹாங்காங்கில் ஒரு பேருந்து சாலையின் நடுத்திட்டைத் தாண்டி, எதிரே வந்த சிற்றுந்தில் மோதியது. வாதிகள் தரப்பில் சாட்சி எவரையும் விசாரிக்கவில்லை. மோதிய விதமே போதும் என்று நின்றார்கள். ஆனால் ஓட்டுநர் சாட்சிக் கூண்டேறி, கண்டுபிடிக்க முடியாமற்போன கார் ஒன்று திடீரெனக் குறுக்கே புகுந்ததால்தான் பிரேக்கை அழுத்தித் திருப்பியதாகச் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்று, ஹாங்காங்கின் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1988இல் வாதிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மெய்ப்பிக்கும் சுமை தொடக்கம் முதல் முடிவு வரை வாதியிடமே இருக்கிறது என்றும், நிகழ்வு தரும் உய்த்துணர்வை எதிர்வாதியின் விளக்கம் கலைத்துவிட்டால் வாதியிடம் வேறு சான்று இருந்தாக வேண்டும் என்றும் அது தெளிவாக்கியது. ஆகவே இந்நெறியை மட்டும் நம்பி வெறுங்கையோடு போவது ஆபத்து. படங்கள், மருத்துவக் குறிப்புகள், பார்த்தவர்களின் வாக்குமூலம் என்று கிடைப்பதை எல்லாம் சேர்த்துக்கொண்டு, இதைக் கூடுதல் வாதமாக வைப்பதே பாதுகாப்பானது.

இனித் தமிழில் என்ன சொல்வது என்று பார்ப்போம். 'பொருளே பேசும்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பீப்பாய் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. பேசுவது பீப்பாய் அன்று. அது அந்த மாடியிலிருந்து அந்தத் தெருவில் விழுந்தது என்ற முழு நிகழ்ச்சிதான் பேசுகிறது. 'விபத்தே பேசும்' என்பதும் எனக்கு நிறைவு தரவில்லை. 'விபத்து' என்றாலே யார்மீதும் குற்றமில்லை என்ற சாயல் பேச்சுவழக்கில் ஏறியிருக்கிறது, இந்நெறியோ அதற்கு நேர்மாறானதைச் சொல்ல வந்தது. 'நிகழ்வே பேசும்' என்பதே பொருத்தம். லத்தீனுக்குத் தனிச் சொல்லாகத் தேவைப்பட்ட 'இப்சா'வின் வேலையைத் தமிழில் ஒற்றைத் தேற்றேகாரம் செய்துவிடுகிறது. 'பேசும்' என்ற வினையையும் 'மெய்ப்பிக்கும்' என்று மாற்றக்கூடாது; நிகழ்வு சாட்சி சொல்கிறதே தவிர, 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டியபடி, அந்தச் சாட்சியை மறுக்க எதிர்வாதிக்கு இடம் உண்டு. நெறியின் பெயராகச் சொல்லும்போது 'நிகழ்வே பேசும் கோட்பாடு' எனலாம். வழக்குரையில் அது இவ்வாறு அமையும்: "மாவுப் பீப்பாய் எதிர்வாதியின் ஆளுகையில் இருந்தது, உரிய கவனம் எடுக்கப்பட்டிருந்தால் அது தெருவில் விழுந்திராது, எனவே வாதி நிகழ்வே பேசும் கோட்பாட்டையும் சார்ந்து நிற்கிறார்."