தொட்டியில் வளரும் ஈந்தும் நாயின் கல்லீரலும்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வட்டாரத்து வீடுகளின் முகப்பில் இரண்டு தொட்டிச் செடிகளை அருகருகே காணலாம். ஒன்று அரிக்கா பாம், மற்றொன்று சைகஸ். மண்ணுத்தி நர்சரிகளிலிருந்து வரும்போது இரண்டுமே ‘பாம்’ என்ற ஒரே பெயரில்தான் வந்து இறங்குகின்றன. அரிக்கா பாமின் ஓலையைப் பூனை கடித்துத் தின்றால் மிஞ்சிப்போனால் ஒருமுறை வாந்தி எடுக்கும். சைகஸின் கொட்டை ஒன்றிரண்டைத் தின்ற நாயோ இறந்தே போகலாம். தென்னை, கமுகு ஆகியவற்றின் உறவான பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது அரிக்கா பாம். சைகஸ் பனையே அன்று. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே உலகில் இருந்த, பூவும் கனியும் இல்லாமல் விதையை வெளிப்படையாகத் தாங்கும் வேறொரு குலம் அது.

இந்த வட்டாரத்தில் சைகஸை யாரும் சந்தேகிக்காமல் இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மலையாளத்தில் ஈந்து எனப்படும் காட்டுச் சைகஸின் கொட்டை இங்கே உணவுப் பொருள். கொட்டையைப் பிளந்து உலர்த்தி, பல நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து இடித்த மாவில் புட்டும் பிடியும் செய்கிறார்கள். போதாக்குறைக்கு, தமிழில் ஈந்து என்பது ஈச்சைக்கும் பெயர். ஈச்சம்பழமோ யாருக்கும் தீங்கு செய்யாதது. ஆகவே, பாட்டி கையால் ஈந்துப் புட்டு தின்றவர்களுக்கு அதே கொட்டை நாய்க்கு நஞ்சாகும் என்று தோன்றாததில் வியப்பில்லை. ஆனால், மாவை உண்ணத்தக்கதாக ஆக்குவது அந்த ஊறவைத்தல்தான். கொட்டையில் உள்ள சைகாசின் என்னும் நச்சுப்பொருள் நீரில் எளிதில் கரைந்து, கொட்டும் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. முற்றத்தில் விழுந்த கொட்டையை நாய் அப்படியே கடித்து விழுங்குகிறது. தொட்டிகளில் வளர்க்கப்படும் சைகஸ் பெரும்பாலும் ஜப்பானின் தென்பகுதியிலிருந்து வந்த குட்டையான இனம் என்றாலும், நச்சு இரண்டிலும் ஒன்றே.

சைகாசின் வேலை செய்யும் விதம் சற்று விசித்திரமானது. அது ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்திருக்கும் வரை உடலில் பெரிய கெடுதல் எதையும் செய்வதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தம்மிடமுள்ள ஒரு நொதியால் அந்தச் சர்க்கரையை வெட்டி எடுத்துக்கொள்கின்றன. எஞ்சும் பகுதியே உண்மையான நஞ்சு. அது குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலை அடைந்து, அங்குள்ள செல்களின் டிஎன்ஏவில் வேதிக்குழுக்களை ஒட்டவைத்து, அவை புரதம் உண்டாக்கும் வேலையைக் குலைத்துச் சாகடிக்கிறது. 1960களில் ஆய்வாளர்கள், குடலில் பாக்டீரியாவே இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சைகாசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடுத்த பொருள் மாற்றமின்றி வெளியேறிவிட்டது. சாதாரண எலிகளோ நோயுற்றன. நாயின் குடலில் பாக்டீரியாவுக்குக் குறைவில்லை.

இந்தப் படிநிலைகளால்தான் நோய் தாமதமாக வெளிப்படுகிறது. அந்தத் தாமதமே வளர்ப்பவர்களை ஏமாற்றுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள ஒரு நாட்டு நாய் மாலையில் இரண்டு கொட்டைகளைக் கடித்து விழுங்கியதாக வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும், எச்சில் வடியும், சோற்றைத் தொடாது, சில வேளைகளில் வாந்தியில் இரத்தமும் கலந்திருக்கும். மறுநாள் வாந்தி அடங்கி நாய் தேறியதுபோலத் தெரியலாம். ‘ஏதோ கண்டதைத் தின்றது, சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடுவது இந்த இடைவெளியில்தான். இரண்டாம் மூன்றாம் நாளில் ஈறும் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகும். கல்லீரல் இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை உண்டாக்க முடியாமல் போவதால் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மலம் தார்போலக் கறுக்கும். சில நாய்களுக்கு நடை தள்ளாடும், வலிப்பும் வரும். இந்த நிலையை அடைந்தபின் பிழைப்பது அரிது.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்றதிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தால், அவர் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து, பிறகு செயலூட்டப்பட்ட கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பார். சைகாசின் குடலில் இருக்கும்போதே கரி அதைப் பிடித்துக்கொண்டால் பாக்டீரியாக்களுக்கு வெட்ட எதுவும் மிஞ்சாது. அதன்பின் டிரிப் ஏற்றுவதும், கல்லீரலைக் காக்கும் மருந்துகளும், இரத்தம் உறையாவிட்டால் பிளாஸ்மாவும் வைட்டமின் கே-யும்தான் வழி. நாய் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் மூன்று நாளைக்குக் கல்லீரல் நொதிகளை இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் கண்ணில் படுவதற்கு முன்பே எண்களில் உயர்வு தெரிந்துவிடும். வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. உப்பே நாய்க்குத் தனி நஞ்சாகிவிடக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய ஓலையைக் கையில் எடுத்துப் பார்ப்பதே சிறந்த வழி. சைகஸின் ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுவில் ஒரே ஒரு நரம்பு மட்டும் ஓடும். அதைத் தவிர வேறு நரம்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அரிக்கா பாமின் இலையில் தென்னோலையில் இருப்பதுபோலப் பல நரம்புகள் இணையாக ஓடும். சைகஸின் சிற்றிலை விறைத்து, நுனி விரலைக் குத்தும். புதிய குருத்து வரும் பருவத்தில் ஐயத்துக்கே இடமில்லை: இளம் சிற்றிலைகள் பெரணிக் குருத்தைப் போலச் சுருண்டிருந்து பின்னர் விரியும், எந்தப் பனையிலும் அப்படி இருப்பதில்லை. அடிமரத்தைப் பார்த்தால் அரிக்காவில் கமுகுபோல வழுவழுப்பான தண்டும் வளையத் தழும்புகளும் இருக்கும். சைகஸிலோ பழைய ஓலைகளின் அடிக்கட்டைகள் செதில் செதிலாக மூடியிருக்கும். ஓலைக் காம்பில் முள் இருப்பதை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் ஆபத்தில்லாத குட்டை ஈச்சையிலும் காம்படியில் முள் உண்டு.

கொட்டையில் நச்சு மிகுதி என்றாலும், இலை, தண்டு, வேர் எதுவும் விலக்கல்ல. தொட்டிச் செடி கொட்டை வைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவும் பெண் செடியில்தான். ஆதலால் தொட்டியில் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது அடியில் பக்கக்கன்றாக முளைக்கும் உருண்டைக் குமிழ்களைப் பற்றியே. மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய்க்குட்டிகள் அவற்றைப் பந்துபோல உருட்டிக் கடிக்கும். பூனைகள் கொட்டையை விழுங்குவது குறைவு, ஆனால் இளந்தளிரைக் கொறிப்பதுண்டு. தரையில் நிற்கும் முதிர்ந்த பெண் ஈந்தாக இருந்தால், கொட்டை பழுத்து உதிரும் முன்பே கொத்தோடு அறுத்து எடுத்துவிடலாம். செடியை அடியோடு அகற்றுவதானால், வெட்டிய தண்டையும் குமிழ்களையும் குப்பைக் குழியில் திறந்து போடாமல் நாய்கள் எட்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். நாய் எதையாவது தின்றிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், மென்ற துண்டையும் அந்தச் செடியின் ஓர் ஓலையையும் ஒரு கவரில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது. ‘பாம் தின்றது’ என்று சொன்னால் அது அரிக்காவா சைகஸா என்பது அவருக்கும் தெரியாது. ஓலையின் ஒற்றை நரம்பைப் பார்த்தால் அந்த நொடியிலேயே கரித்தூளைக் கரைக்கத் தொடங்கிவிடுவார்.