நாமா, நாங்களா? ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கும்போது

ஆங்கிலத்தின் 'வீ' என்ற சொல் பேசுகிறவர் தனி ஆள் இல்லை என்பதை மட்டுமே சொல்லும். கேட்பவரும் அந்தக் கூட்டத்தில் உண்டா என்பதைச் சொல்லாது. தமிழில் அதைச் சொல்லாமல் நகர முடியாது. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. ஒரு குழுவின் அறிவிப்பை மொழிபெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத ஒரு தகவலை ஒவ்வொரு வாக்கியத்திலும் தாமே முடிவு செய்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை இன்றைய மொழியியல் நூல்கள் உளப்படுத்தும் தன்மைப் பன்மை, உளப்படுத்தாத தன்மைப் பன்மை என்று பிரிக்கின்றன. நன்னூல் வேறு விதமாகப் பார்க்கிறது. அதன்படி இரண்டுமே உளப்பாடுதான். 'நான்' தன்னோடு யாரைச் சேர்த்துக்கொள்கிறேன் என்பதுதான் கேள்வி. எதிரே நிற்கும் முன்னிலையாரைச் சேர்த்தால் ஒன்று, கேட்பவரல்லாத படர்க்கையாரைச் சேர்த்தால் மற்றொன்று. மொழிபெயர்ப்பவருக்கு நன்னூலின் பார்வையே அதிகம் கைகொடுக்கும் என்பது என் கருத்து. 'யாரை விலக்குகிறோம்' என்று யோசித்தால் நாங்கள் என்று எழுதவே கூச்சமாக இருக்கும். 'பேசுகிறவரோடு நிற்பவர் யார்' என்று கேட்டால் விடை பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும்.

நன்னூல் இந்தப் பாகுபாட்டை வினைமுற்றின் விகுதியில் வைத்துச் சொல்கிறது. அம், ஆம் என்று முடிந்தால் முன்னிலையாரைச் சேர்த்தது. எம், ஏம், ஓம் என்று முடிந்தால் படர்க்கையாரைச் சேர்த்தது. செய்வாம் என்றால் நீயும் உண்டு, செய்வேம் என்றால் அவர்களும் நானும். இன்று எஞ்சியிருப்பது ஓம் ஒன்றுதான், அது இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. 'நாம் செய்கிறோம்', 'நாங்கள் செய்கிறோம்' இரண்டிலும் வினை ஒன்றே. ஒரு காலத்தில் வினையும் சுமந்த பாரத்தை இப்போது பெயர்ச்சொல் தனியாகச் சுமக்கிறது.

பெயர்ச்சொல்லின் கதையும் இதோடு சேர்ந்தது. பழந்தமிழில் யாம், நாம் என்று இரண்டு இருந்தன. யாம் வேற்றுமை ஏற்கும்போது எம் ஆகும், நாம் நம் ஆகும். எம்மோடு கள் சேர்ந்ததுதான் எங்கள். யாம், யாங்கள் வழக்கொழிந்து அந்த இடத்துக்கு நாங்கள் வந்தது, ஆனால் வேற்றுமை வடிவம் எங்கள் என்றே நின்றுவிட்டது. அதனால்தான் நாங்கள் என்பதற்கு எங்கள், எங்களுக்கு, எங்களை என்றும், நாம் என்பதற்கு நம், நமக்கு, நம்மை என்றும் வருகிறது. தேர்வு எழுவாயோடு முடியாது. உடைமையிலும் வேற்றுமை உருபிலும் அது தொடரும். பிழைகள் அதிகம் நுழைவதும் அங்கேதான்.

ஓர் அறிவிப்பை எடுத்துப் பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயற்குழு அங்கே வசிப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை கூடிக் கணக்கைப் பார்த்தோம், அடுத்த மாதம் முதல் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த முடிவு செய்துள்ளோம், தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும், சனிக்கிழமை நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்வோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒவ்வொன்றிலும் அதே 'வீ'.

கூடியதும் கணக்குப் பார்த்ததும் செயற்குழு, ஆகவே நாங்கள். கட்டண உயர்விலும் நாங்கள்தான், ஆனால் அங்கே பிழையின் விளைவு பெரிது. 'நாம் முடிவு செய்துள்ளோம்' என்று எழுதினால் படிப்பவரும் அந்த முடிவுக்குக் கை தூக்கியதாக ஆகிறது. கூட்டத்துக்கே அழைக்கப்படாத ஒருவர் அதைப் படித்து, 'நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?' என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. நாம் என்பது அன்பான சொல், நாங்கள் என்பது விறைப்பான சொல் என்ற எண்ணத்தில் எல்லா இடத்திலும் நாம் போடுவது பரவலாக நடக்கிறது. அது அன்பாக ஒலிப்பதில்லை, கேட்காமல் ஒப்புதல் வாங்கியதாகத்தான் ஒலிக்கிறது.

தண்ணீர் வாக்கியத்தில் நிலைமை தலைகீழ். செயற்குழு மட்டும் குறைவாகப் பயன்படுத்தினால் போதாது. 'நாம் அனைவரும்' என்பதே சரி. வருத்தம் தெரிவிக்கும்போது மறுபடி நாங்கள். சிரமம் படிப்பவருக்கு, வருத்தம் அவரிடம் தெரிவிக்கப்படுகிறது. அவரையும் சேர்த்துக்கொண்டு அவரிடமே வருந்த முடியாது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. வாக்கியத்தில் உங்களுக்கு, உங்களிடம், உங்களை என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். இயல்பாகப் பொருந்தினால் அது பெரும்பாலும் நாங்கள். 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' பொருந்துகிறது. 'உங்களுக்குத் தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும்' பொருந்தவில்லை. பொருந்தாத எல்லாமே நாம் ஆகிவிடாது. அந்தச் செயலில் படிப்பவருக்குப் பங்கு உண்டா என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

நீர்த்தொட்டி வாக்கியம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பிடிகொடுக்காது. செயற்குழு ஆள் வைத்துச் சுத்தம் செய்யப்போகிறதா, அல்லது எல்லோரும் கைகொடுக்க வர வேண்டுமா? மூலத்தில் விடை இல்லை. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு 'சனிக்கிழமை நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்வோம்' என்று தப்பிக்கத் தோன்றும். இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் அந்த உத்தி ஓரளவு செல்லும். 'கூடினோம்', 'வருந்துகிறோம்' என்று எழுதினால் யாரும் தவறாகப் படிக்கமாட்டார்கள். எதிர்காலத்தில் அது வேலைசெய்யாது. நாங்கள் இல்லாமல் 'செய்வோம்' என்று தனியாக வந்தால் தமிழ்க் காது அதை 'வாருங்கள், செய்யலாம்' என்ற அழைப்பாகவே எடுத்துக்கொள்ளும். சிலர் துடைப்பத்தோடு வந்து நிற்பார்கள். அறிவிப்பை எழுதியவரிடம் கேட்பதுதான் வழி. கேட்க முடியாவிட்டால் 'சனிக்கிழமை நீர்த்தொட்டி சுத்தம் செய்யப்படும்' என்று எழுதலாம்.

அந்தச் செயப்பாட்டு வினையைக் கட்டண வாக்கியத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். 'முடிவு செய்யப்பட்டுள்ளது' என்றால் முடிவெடுத்தவர் மறைந்துவிடுகிறார். நாங்கள் என்பது விறைப்பாகத் தோன்றினால் 'செயற்குழு முடிவு செய்துள்ளது' என்று பெயரைச் சொல்லிவிடலாம். பொறுப்பும் தெரியும், நாம், நாங்கள் சிக்கலும் இல்லை.

உடைமைக்கு வருவோம். 'நாங்கள் செய்த மாற்றத்தால் நம் கட்டடத்தின் மின்செலவு குறையும்' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம், வரவும் வேண்டும். மாற்றத்தைச் செய்தது செயற்குழு, கட்டடம் எல்லோருடையது. சீர்மை வேண்டும் என்று நினைத்து யாராவது 'எங்கள் கட்டடம்' என்று மாற்றினால் வசிப்பவர்களை வாடகைக்காரர்களாக்கியதுபோல் இருக்கும். கணினியில் தேடி ஒரேயடியாக மாற்றுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும். வாக்கியத்துக்கு வாக்கியம் யோசித்தே ஆக வேண்டும்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாங்கள், எங்கட என்பவை கேட்பவரைச் சேர்த்தும் வரும். அந்த வழக்கில் பழகியவருக்கு 'எங்கள் கட்டடம்' விலக்கலாகவே படாது. படிப்பவர்கள் பல வழக்கினராக இருந்தால், சந்தேகம் வரக்கூடிய இடத்தில் 'நீங்களும் நாங்களும்' என்றோ 'செயற்குழுவினராகிய நாங்கள்' என்றோ விரித்து எழுதுவது பாதுகாப்பு.

அதே ஆங்கில அறிவிப்பு வெளியாருக்கும் போகிறது என்றால், தண்ணீர் லாரிக்காரருக்கோ பக்கத்துக் குடியிருப்புக்கோ, தமிழில் ஒரு பிரதி போதாது. உள்ளே 'நம் சங்கம்' என்று இருந்தது வெளியே 'எங்கள் சங்கம்' ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதனால் மொழிபெயர்ப்பு வேலையை ஏற்கும்போதே, இது யாருக்கெல்லாம் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.