விங் கமாண்டரிடம் விங் இருக்காது

போர் வரலாற்று மொழிபெயர்ப்புகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த மூன்றாவது பிரதியிலும் அதே பிழை: "இறக்கைத் தளபதி கிப்சன் தன் இறக்கையோடு புறப்பட்டார். குழுத் தலைவர் விட்வொர்த்தின் குழு அவருக்கு மேலே இருந்தது." பிரிட்டிஷ் விமானப்படையின் விங் கமாண்டர், குரூப் கேப்டன் என்ற பதவிகள்தான் இப்படி ஆகியிருக்கின்றன. இறக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதவியின் பெயரில் எந்தப் படைப்பிரிவு இருக்கிறதோ அதைத்தான் அந்த அதிகாரி நடத்துகிறார் என்ற நம்பிக்கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

தரைப்படையில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. மேஜர், கர்னல் என்ற பெயர்களில் கம்பெனி, பட்டாலியன் என்ற படைப்பிரிவுப் பெயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படை 1918 ஏப்ரலில் உருவானபோது அங்கும் தரைப்படைப் பதவிகளே இருந்தன. விமானப்படையின் பிரிவுகள் சிறியதிலிருந்து பெரியதாக ஃப்ளைட், ஸ்குவாட்ரன், விங், குரூப். 1919 ஆகஸ்டில் இவற்றை ஒட்டித் தனிப்பெயர்கள் வந்தன. மேஜர் ஸ்குவாட்ரன் லீடரானார், லெப்டினன்ட் கர்னல் விங் கமாண்டரானார், கர்னல் குரூப் கேப்டனானார். பிற்பாடு ஸ்குவாட்ரன்கள் பெருத்தன. பெயர்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

கிப்சனையே எடுத்துக்கொள்வோம். 1943 மே 16ஆம் தேதி இரவு ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்க 617ஆவது ஸ்குவாட்ரனிலிருந்து 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. விமானத்துக்கு 7 பேர் வீதம் 133 பேர். இவர்களுக்குத் தலைமை தாங்கியவர் விங் கமாண்டர் கை கிப்சன். அவர் நடத்தியது விங் அல்ல, ஸ்குவாட்ரன். அப்படியானால் ஸ்குவாட்ரன் லீடர்கள் எங்கே? யங், மாட்ஸ்லி என இருவர் அதே ஸ்குவாட்ரனுக்குள் ஆளுக்கொரு ஃப்ளைட்டை நடத்தினார்கள். ஃப்ளைட் லெப்டினன்டாக இருந்த ஹாப்குட் ஒரு விமானத்தை ஓட்டினார்.

மேலே போனாலும் இதே கதைதான். குரூப் கேப்டன் விட்வொர்த் ஸ்காம்ப்டன் விமானத்தளத்தின் பொறுப்பாளர். அந்தத் தளத்தில் 57ஆவது ஸ்குவாட்ரனும் இருந்தது. அவரிடம் குரூப் எதுவும் கிடையாது. 5ஆவது குரூப்பை நடத்தியவர் ஏர் வைஸ் மார்ஷல் காக்ரன். தரைப்படைக் கணக்கில் மேஜர் ஜெனரல். ஏணியின் ஒவ்வொரு படியிலும் பெயர் ஒன்று, பொறுப்பு வேறு.

ஏன் இப்படி? பட்டாலியனை ஆட்களின் எண்ணிக்கையால் அளக்கிறோம். அதன் பல நூறு பேரில் பெரும்பாலோர் களத்தில் இறங்கும் சிப்பாய்கள். ஸ்குவாட்ரனை விமானங்களால் அளக்கிறோம். பறப்பவர்கள் சிலர்தான், இயந்திரம் பார்ப்பவர்களும் குண்டு ஏற்றுபவர்களும் தரையில் நிற்கிறார்கள். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் கொண்ட ஸ்குவாட்ரனுக்கு விங் கமாண்டர் தேவைப்பட்டார். ஓர் ஆளே ஓட்டும் சண்டை விமானங்களின் ஸ்குவாட்ரனுக்குப் பெரும்பாலும் ஸ்குவாட்ரன் லீடரே போதுமானவராக இருந்தார். ஆகவே பதவியை வைத்துப் படையின் அளவை ஊகிக்காதீர்கள். தரைப்படையில் ஓரளவு பலிக்கும் ஊகம் இங்கே காலை வாரிவிடும்.

வானத்தில் பதவி வரிசையே தலைகீழாவதும் உண்டு. அதே இரவில் டவுன்செண்ட் என்ற ஃப்ளைட் சார்ஜன்ட் ஒரு லங்காஸ்டரை ஓட்டினார். அவர் அதிகாரி அல்லர். அவருக்கு வழிகாட்டிய நேவிகேட்டர் ஹவர்ட், பைலட் ஆபீசர் பதவியில் இருந்த அதிகாரி. விமானத்துக்குள் தலைமை சார்ஜன்டுக்குத்தான், ஏனெனில் விமானியே அந்த விமானத்தின் கேப்டன். ஹவர்டை "விமானி அதிகாரி" என்று மொழிபெயர்த்தால் விமானத்தை அவர் ஓட்டியதாகிவிடும். அப்படி ஒரு பிரதியையும் திருத்தியிருக்கிறேன்.

எனவே தயவுசெய்து மூன்று காரியங்கள் செய்யுங்கள். பதவிப் பெயர்களை ஒலிபெயர்த்து விடுங்கள். வேண்டுமானால் தரைப்படையில் அதற்கு நிகரான பதவியை ஒருமுறை சொல்லுங்கள். ஒருவர் எதை நடத்தினார் என்பதைப் பெயரில் தேடாமல் மூலத்தில் தேடுங்கள். எந்த நாட்டு விமானப்படை என்று பாருங்கள். பிரிட்டிஷ் மரபில் குரூப் பெரியது, விங் அதற்குள் அடங்கும். அமெரிக்க விமானப்படையில் விங் பெரியது, குரூப் அதற்குள் அடங்கும். அங்கே விங் கமாண்டர் என்பது பதவிப் பெயரே அல்ல, விங்கை நடத்தும் பொறுப்பின் பெயர். அதை வகிப்பவர் பெரும்பாலும் கர்னல். ஆகவே அமெரிக்க விங் கமாண்டரிடம் உண்மையிலேயே ஒரு விங் இருக்கும். இந்தக் கட்டுரையின் தலைப்பு அவருக்குப் பொருந்தாது.

ஜெர்மானிய விமானப்படையான லுஃப்ட்வாஃபேயின் குரூப்பே என்ற பிரிவைப் பார்த்ததும் 5ஆவது குரூப்போடு சமன்படுத்திவிடாதீர்கள். அது மூன்று நான்கு ஸ்டாஃபல்கள் சேர்ந்தது, ஸ்டாஃபல் என்பது ஏறக்குறைய ஒரு ஸ்குவாட்ரன். என் மேசையில் இருக்கும் பிரதியின் அடுத்த அத்தியாயம் லுஃப்ட்வாஃபே பற்றியது. இன்னும் திறக்கவில்லை.