500க்கு வாங்கி 504க்கு விற்றால் லாபமா?

பங்கு வாங்கிய அன்று இரவே பெரும்பாலும் புரோக்கரிடமிருந்து ஒரு பிடிஎஃப் வந்துவிடும். அதுதான் காண்ட்ராக்ட் நோட். 24 மணி நேரத்துக்குள் அதை அனுப்பியாக வேண்டும். நிறையப் பேர் அதைத் திறப்பதே இல்லை. ஆனால் பங்கு உண்மையில் என்ன விலைக்கு வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

ஒரு பங்கு 500 ரூபாய் வீதம் 100 பங்குகளை, அன்றே விற்காமல் டீமேட் கணக்கில் வைத்துக்கொள்ளும் டெலிவரி முறையில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். புரோக்கரேஜ் 0.3 சதவீதம். ஒரே ஆர்டர்தான் போட்டோம், நோட்டில் மூன்று வரி இருக்கிறதே என்று பதற வேண்டாம். 40, 35, 25 என்று வெவ்வேறு விற்பனையாளர்களிடமிருந்து பங்கு வந்திருக்கும். ஆர்டர் எண் ஒன்றாகவும், டிரேட் எண்கள் தனித்தனியாகவும் இருந்தால் சரி.

அடுத்து 'நெட் ரேட்' என்று 501.50 இருக்கும். இதையே அடக்க விலை என்று நினைத்துவிடுவார்கள். அதில் சேர்ந்திருப்பது புரோக்கரேஜ் மட்டும்தான். மற்றவை கீழே வருகின்றன. பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.1 சதவீதம், அதாவது 50 ரூபாய். முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம், ஏழரை ரூபாய். இது வாங்கும்போது மட்டும். பங்குச்சந்தைக் கட்டணம் சுமார் ஒன்றரை ரூபாய். செபி கட்டணம் கோடிக்கு 10 ரூபாய் என்பதால் நமக்கு ஐந்தே பைசா. ஜிஎஸ்டி 18 சதவீதம். இது பங்கின் விலைக்கு அல்ல; புரோக்கரேஜ், சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கு மட்டும்தான். எனவே 27 ரூபாய் சொச்சம். எஸ்டிடிக்கோ முத்திரைக் கட்டணத்துக்கோ ஜிஎஸ்டி போட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

ஆக மொத்தம் 236 ரூபாய். கட்ட வேண்டியது 50,236. இப்போது அதே பங்கை 504க்கு விற்றால் கைக்கு வருவது செலவு போக சுமார் 50,170. நான்கு ரூபாய் ஏறியும் 66 ரூபாய் நஷ்டம்! டெலிவரிக்கு புரோக்கரேஜ் வாங்காத டிஸ்கவுன்ட் புரோக்கரிடம் இதே கணக்கு லாபத்தில் முடியும்.

நோட்டில் டிரேட் தேதியும் செட்டில்மென்ட் தேதியும் வேறுவேறாக இருக்கும். 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் மறு வேலைநாளில் செட்டில்மென்ட். வெள்ளிக்கிழமை வாங்கினால் திங்கள்கிழமை டீமேட்டுக்கு வரும். திங்கள் விடுமுறை என்றால் செவ்வாய். அதற்குள் விற்கவும் சில புரோக்கர்கள் விடுவார்கள். ஆனால் நமக்கு விற்றவர் பங்கைத் தராமல் போனால், நாம் விற்ற பங்கையும் கொடுக்க முடியாமல் அது ஏலத்துக்குப் போய் அபராதம் நம் தலையில் விழலாம்.

விற்கும்போது இன்னொன்று. டீமேட்டிலிருந்து பங்கு வெளியேறுவதற்கான டிபி சார்ஜ் வழக்கமாகக் காண்ட்ராக்ட் நோட்டில் வராது. லெட்ஜரில் தனியாகக் கழிந்திருக்கும். கணக்கு இடிக்கிறதே என்றால் முதலில் அங்கே பாருங்கள். அப்புறம், நோட்டுகளை பத்திரமாக வையுங்கள். மூலதன ஆதாயக் கணக்கில் புரோக்கரேஜைக் கழிக்கலாம். எஸ்டிடியைக் கழிக்க முடியாது.