காலையும் மாலையும் த்ரெஷோல்ட்: யாருடைய கால் தாங்கும்?

அவர் நொண்டிக்கொண்டு வரவில்லை. "நடந்தா வலியே இல்லைங்க. ஓடினா மட்டும் ஒரு இடத்துல குத்துது" என்றார். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு நாணயத்தின் அகலம்கூட இல்லாத ஓரிடத்தில் முகத்தைச் சுளித்தார். அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னபோது இரண்டாவது குதிப்போடு நிறுத்திவிட்டார். எலும்பில் அழுத்தக் காயம் என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. விரிசல் விழும் முன்பே வந்துவிட்டார் என்பதுதான் ஆறுதல்.

வயது 38. 10 கிலோமீட்டரை 42 நிமிடத்தில் ஓடுபவர். வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 70 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை 10 நிமிடங்களாக மூன்று த்ரெஷோல்ட் ஓட்டம். இரண்டு வருடமாக இதில் அவருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு எதை மாற்றினீர்கள் என்று கேட்டேன். "டபுள் த்ரெஷோல்ட் ஆரம்பிச்சேன்" என்றார்.

வேகமாக ஓடும்போது தசையில் உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் சேரும் வேகமும் உடல் அதை அகற்றும் வேகமும் ஏறக்குறைய சமமாக நிற்கும் எல்லையைத்தான் த்ரெஷோல்ட் என்கிறோம். நன்கு பழகியவர் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் அது. இந்த எல்லையைத் தாண்டாமல், அதற்குச் சற்றுக் கீழேயே நின்று, ஒரே நாளில் காலையும் மாலையுமாக இருமுறை பயிற்சி செய்வதை நார்வேக்காரர்கள் பிரபலமாக்கினார்கள். 2004-இல் 5000 மீட்டரை 13:06.39-இல் ஓடிய மாரியுஸ் பாக்கென் தன் ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சோதித்து இந்த முறையைச் செதுக்கினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சென் 1500 மீட்டரில் தங்கம் வென்ற பிறகு உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது.

இதன் அடிப்படை எளிமையானது. ஒரே மூச்சில் 40 நிமிடம் த்ரெஷோல்டில் ஓடினால், கடைசிப் பகுதியில் தசை களைத்து, அதே வேகத்துக்கு லாக்டேட் ஏறிவிடும். இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் எல்லைக்குள்ளேயே முடியும். வேலை கூடும், களைப்பு அந்த அளவுக்குக் கூடாது.

என்னிடம் வந்தவர் உச்ச நிலை வீரர்களின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் ஆறு நிமிட ஓட்டம் ஐந்து, மாலையில் 1000 மீட்டர் பத்து. அவருடைய வேகத்தில் மாலைப் பகுதிக்கே 43 நிமிடம் ஆகும். ஆக, வாரம் முழுவதற்குமே 30 நிமிடம் த்ரெஷோல்ட் செய்து பழகிய கால், ஒரே நாளில் 73 நிமிடம் செய்தது. அதையும் வாரத்தில் இரண்டு நாள். வார்ம் அப், கூல் டவுனையும் சேர்த்தால் அந்த ஒரு நாளில் மட்டும் 27 கிலோமீட்டர். அந்த அட்டவணைக்கு உரியவர்கள் சிறுவயதிலிருந்தே ஓடி வாரம் 160 கிலோமீட்டருக்கு மேல் பழகியவர்கள். இரண்டு பயிற்சிக்கும் நடுவே படுத்துத் தூங்குகிறவர்கள். இவரோ நடுவே எட்டு மணி நேரம் வேலை பார்த்தார்.

இங்கே ஓர் ஏமாற்று இருக்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். த்ரெஷோல்ட் ஓட்டத்தில் மூச்சு முட்டாது. முடித்ததும் "இன்னும் ஒன்று ஓடலாமே" என்றே தோன்றும். இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. எலும்பு அப்படியல்ல. புதிய சுமை வந்தால் அது முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் மெல்ல மெல்லப் புதிதாகக் கட்டுகிறது. கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். அதனால் முதல் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். ஓடுபவர் "நன்றாகப் போகிறது" என்று உணர்வதும் அதே வாரங்களில்தான். இவருக்கு வலி தொடங்கியது நான்காவது வாரத்தில்.

ஆறு வாரம் ஓட்டமே இல்லை. பிறகு நடையும் ஓட்டமும் கலந்து தொடங்கி, ஐந்து மாதம் கழித்து மறுபடியும் 70 கிலோமீட்டருக்கு வந்தார். காயம் ஆறி ஒரு வருடம் கடந்ததும், திரும்பவும் முயலலாமா என்று கேட்டார். சின்ன அளவில் செய்யலாம் என்றேன். காலையில் ஐந்து நிமிட ஓட்டம் நான்கு, கிலோமீட்டருக்கு 4:30 வேகத்தில், நடுவே ஒரு நிமிட ஓய்வு. மாலையில் இரண்டு நிமிட ஓட்டம் எட்டு, 4:20 வேகத்தில், நடுவே 45 விநாடி ஓய்வு. மொத்தம் 36 நிமிடம். பழைய ஒற்றைப் பயிற்சியைவிட ஆறு நிமிடம்தான் அதிகம். அந்த வாரம் பழைய பயிற்சி கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஏழு மணி நேரம், மறுநாள் மெதுவான ஓட்டம் அல்லது ஓய்வு.

ஒரு வருடமாவது ஒற்றை த்ரெஷோல்டைத் தவறாமல் செய்தவர், வாரம் ஆறு நாள் ஓடுபவர், ஒரே நாளில் இரண்டு முறை மெதுவாக ஓடிப் பழகியவர், இரவில் எட்டு மணி நேரம் தூங்க முடிந்தவர் இதை முயலலாம். வாரம் நான்கு நாள் ஓடுபவருக்கு இதனால் பயனில்லை. அவருக்கு ஐந்தாவது நாள் மெதுவாக ஓடுவதே அதிகம் தரும். எலும்புக் காயம் ஆறி ஒரு வருடம் ஆகாதவர், வளரும் வயதுப் பிள்ளைகள், எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டைக் குறைத்திருப்பவர் ஆகியோரை நான் தடுத்துவிடுவேன். மாதவிடாய் தள்ளிப்போகிற அல்லது நின்றுபோன பெண்களை இன்னும் உறுதியாகத் தடுப்பேன். உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்கவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. அந்த நிலையில் எலும்பு தன்னைச் சரியாகக் கட்டிக்கொள்ளாது. அவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

லாக்டேட் மீட்டர் வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். காலைப் பயிற்சிக்குப் பிறகு மாவுச்சத்து போதாமல் மாலையில் ஓடினால், தசை சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் குறைந்திருக்கும். லாக்டேட் உருவாவதும் குறையும். மீட்டர் தாழ்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி வேகத்தைக் கூட்டுபவர், களைத்த கால்களை மேலும் விரட்டுகிறார். மாறாக, வியர்வையைத் துடைக்காமல் ரத்தம் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். குறுகிய ஓட்டங்களில் இதயத்துடிப்பையும் முழுதாக நம்ப முடியாது. துடிப்பு ஏறி நிலைக்கும் முன்பே இரண்டு நிமிடம் முடிந்துவிடும். அதனால் மாலையில் வேகத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அதைத் தாண்டாமல் ஓடச் சொல்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஒரு சிறு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும்.

மாலை வார்ம் அப்பில் இரண்டைக் கவனிக்க வேண்டும். வழக்கமான மெதுவான வேகத்திலேயே துடிப்பு எப்போதையும்விடப் பத்து கூடியிருந்தால், அன்று மெதுவாக ஓடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வலி கால் முழுவதும் பரவாமல் ஒரு விரல்நுனிக்குள் அடங்கினால், அன்று ஓட்டமே கூடாது. அந்த இடத்தை மறுநாள் அழுத்தினாலும் வலித்தால் யாரிடமாவது காட்ட வேண்டும்.

அவர் இப்போது மாலைப் பகுதியை ஒன்றுவிட்டு ஒருமுறை சைக்கிளில் செய்கிறார். அதே எட்டு முறை, அதே இரண்டு நிமிடம். இதயத்துக்கும் தசைக்கும் வேலை கிடைக்கிறது. எலும்புக்கு அன்று காலையில் வாங்கிய அடி மட்டும்தான்.